4 பவுண் நகையை உருக்கினால் 3 பவுண் சொச்சம்: எங்கே போனது மிச்சம்?

கேள்வி: அம்மாவின் சங்கிலி ஒன்று 18.4 கிராம், அரக்குக் காப்பு ஒன்று 8 கிராம், கல்லுத்தோடு ஒரு சோடி 5.6 கிராம். மொத்தம் 32 கிராம், சரியாக 4 பவுண். எல்லாம் 22 கரட் என்றுதான் வாங்கினவை. 2009இல் புதுக்குடியிருப்பில் புதைத்துவிட்டுப் போய், மீள்குடியேறிய பிறகு தோண்டியெடுத்தவை. தங்கைக்குப் புதுச் சங்கிலி செய்ய உருக்கக் கொடுத்தோம். உருக்கின கட்டி 28.5 கிராம், தங்க வீதம் 89.4 என்று மெசின் காட்டியது. சுத்தத் தங்கம் 25.48 கிராம்தான் என்கிறார்கள். 32 கிராமை 22ஆல் பெருக்கி 24ஆல் பிரித்தால் 29.33 கிராம் வரவேண்டுமே? மண்ணுக்குள் கிடந்து கரைந்துவிட்டதா, கடைக்காரர் எடுத்துவிட்டாரா?

பதில்:

மண் எடுக்கவில்லை. கடைக்காரர் எடுத்தார் என்று சொல்லவும் இந்த எண்கள் இடம் தரவில்லை. உங்கள் 29.33க்கும் அவர்களுடைய 25.48க்கும் இடையில் 3.85 கிராம் வித்தியாசம் இருக்கிறது. அதில் ஏறக்குறைய 3.2 கிராம் ஒருநாளும் தங்கமாக இருந்ததே இல்லை. கல்லையும் அரக்கையும் தங்கமாக எண்ணிக் கணக்குப் பார்த்ததால் வந்த தொகை அது. மிச்சம் 0.65 கிராம்தான் உண்மையான தரக்குறைவு. அதற்கும் காரணம் இருக்கிறது. ஒவ்வொன்றாகச் சொல்கிறேன், ஏனென்றால் எங்கள் பக்கத்தில் புதைத்து எடுத்த நகையை உருக்கக் கொடுத்த வீடுகளில் இந்தச் சண்டை எத்தனையோ தரம் நடந்திருக்கிறது. என் அப்பா முள்ளியவளையில் பத்தராக இருந்தவர். நான் படிப்பிப்பது இரசாயனவியல். ஆகவே இந்தக் கணக்கு எனக்கு இரண்டு பக்கத்தாலும் பழக்கமானது.

முதலில் கரட். தங்கத்தின் தரத்தை 24 பங்கில் எத்தனை பங்கு என்று சொல்வதுதான் கரட். பத்தரை மாற்றுத் தங்கம் என்று இன்றும் சொல்கிறோமே, அந்த மாற்றும் இதே வேலையைச் செய்த பழைய அளவு. கரட்டை வீதமாக்க வேண்டுமென்றால் இவ்வளவுதான்:

```
தங்க வீதம் = கரட் ÷ 24 × 100
சுத்தத் தங்கம் = உலோகத்தின் நிறை × கரட் ÷ 24
```

22 கரட் என்றால் 91.67 வீதம். நகையில் 916 என்று பொறிப்பது அதைத்தான், ஆயிரத்துக்கு 916 என்று. 21 கரட் 87.5 வீதம், 18 கரட் 75 வீதம். இந்தப் பங்கு நிறையால் எடுக்கப்படுவது, பாடப் புத்தகத்தில் திணிவு என்கிறோமே, அதனால். கன அளவால் அல்ல. தங்கம் செப்பைவிட இரண்டு மடங்குக்கும் மேல் பாரமானது. அதனால் 22 கரட் நகையில் நிறைப்படி 8 வீதம்தான் கலவை என்றாலும், அந்தக் கலவை பிடிக்கும் இடம் 15 வீதத்துக்குக் கிட்ட வரும்.

இரண்டாவது வரியைத் திரும்ப ஒருமுறை பாருங்கள். "உலோகத்தின் நிறை" என்று எழுதியிருக்கிறேன், "நகையின் நிறை" என்று எழுதவில்லை. உங்கள் கணக்குப் பிழைத்தது இந்த ஒரு சொல்லில்தான். 22 கரட் என்ற முத்திரை அந்த உலோகத்தைப் பற்றித்தான் பேசுகிறது. தோட்டில் பதித்த கல்லைப் பற்றியோ காப்புக்குள் நிரப்பிய அரக்கைப் பற்றியோ அது ஒன்றும் சொல்வதில்லை. நீங்கள் 32 கிராமையும் 91.67 வீதத்தால் பெருக்கினபோது கல்லிலும் 91.67 வீதம் தங்கம் இருக்கிறது என்று ஆகிவிட்டது.

உருக்கினபோது குறைந்தது 32 − 28.5 = 3.5 கிராம். இந்த 3.5 கிராம் எங்கே போனது என்றுதான் நீங்கள் கடைக்காரரிடம் முதலில் கேட்க வேண்டும். தோட்டுக் கற்களைக் கழற்றி உங்களிடம் தந்திருப்பார்கள், தந்திருக்க வேண்டும். அவற்றை நிறுத்துப் பாருங்கள். ஒரு சோடி கல்லுத்தோட்டில் ஒரு கிராம் அளவு கல் இருப்பது வழமை. 1.1 கிராம் என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் மிச்சம் 2.4 கிராம் காப்புக்குள் இருந்த அரக்காக இருக்க வேண்டும். அது நெருப்பில் எரிந்து போயிருக்கும், திரும்பக் காட்ட முடியாது. ஆனால் அது நடக்கக்கூடிய அளவா என்று சரிபார்க்கலாம். அரக்கு தண்ணீரைவிடக் கொஞ்சம்தான் பாரம், ஆக 2.4 கிராம் அரக்கு 2.2 கன சென்ரிமீற்றர் இடம் பிடிக்கும். பெரிய ஆளின் காப்பு ஒன்றைச் சுற்றி அளந்தால் 19 சென்ரிமீற்றர் அளவில் வரும். அந்த நீளமான குழாய்க்குள் 2.2 கன சென்ரிமீற்றர் போக வேண்டுமென்றால் குழாயின் உள்விட்டம் 4 மில்லிமீற்றருக்குச் சற்றுக் குறைவு. அம்மாவின் காப்பு ஒரு பென்சிலைவிட ஒல்லியாக, ஆனால் கம்பியைவிடத் தடிப்பாக இருந்ததென்றால் கணக்கு ஒத்துப்போகிறது. அதைவிட மிகவும் மெல்லிய காப்பு என்று ஞாபகமிருந்தால் அப்போது கேள்வி கேட்கலாம். பழைய படம் ஒன்றில் அம்மாவின் கையைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

அரக்குக் காப்பு ஏன் செய்தார்கள் என்றும் சொல்லவேண்டும். அது ஏமாற்று வேலை அல்ல. தகட்டுத் தங்கத்தைக் குழாயாக வளைத்து, உள்ளே அரக்கை உருக்கி ஊற்றினால், குறைந்த தங்கத்தில் நசுங்காத காப்பு கிடைக்கும். செய்யும்போது பத்தர் அதைச் சொல்லித்தான் கொடுப்பார். பத்து இருபது வருடம் கழித்து, அதைச் சொன்னவரும் கேட்டவரும் இல்லாதபோது, அது "8 கிராம் காப்பு" ஆகிவிடுகிறது. அப்பா எந்தக் காப்பையும் தராசில் வைக்கமுன்னம் மேசை விளிம்பில் மெல்லத் தட்டிப் பார்ப்பார். கெட்டிக் காப்பு கணீரென்று கேட்கும், அரக்குக் காப்பு மொட்டையாகக் கேட்கும்.

இப்போது மண். தங்கம் மண்ணோடும் தண்ணீரோடும் காற்றோடும் தாக்கம் புரிவதில்லை. பத்து வருடமல்ல, ஆயிரம் வருடம் கிடந்தாலும் தங்க அணுக்கள் அப்படியே இருக்கும். 22 கரட்டில் சேர்ந்திருக்கும் செப்பும் வெள்ளியும் மேற்பரப்பில் கறுக்கலாம், பச்சை படலாம், அதுவும் மில்லிகிராம் கணக்கு. புதைத்தெடுத்த நகையில் நிறை மாறுவது எதிர்ப்பக்கமாகத்தான்: சங்கிலிக் கண்ணிகளுக்குள்ளும் தோட்டின் பின்பக்கத்திலும் வெடித்த காப்புக்குள்ளும் எங்கள் செம்மண் புகுந்து இறுகி, நிறையைக் கூட்டிக் காட்டும். நீங்கள் நிறுத்தது கழுவி எடுத்த பிறகா, முன்னமா? முன்னமென்றால், அந்த 3.5 கிராமில் கொஞ்சம் புதுக்குடியிருப்பு மண்ணும் இருக்கிறது.

உருக்கும்போது தங்கம் ஆவியாகாதா என்றும் பலர் கேட்பார்கள். தங்கம் உருகுவது 1064 பாகை செல்சியசில். அந்தச் சூட்டில் அது ஆவியாகிப் போவது நகைக்கடைத் தராசுக்குப் பிடிபடாது. ஆவியாகிறவை வேறு: நகையை ஒட்டப் பாவித்த பழைய பொடியில் இருக்கும் நாகமும் கட்மியமும். கட்மியம் 767 பாகையிலும் நாகம் 907 பாகையிலும் கொதித்துவிடும். தங்கம் உண்மையில் தவறக்கூடிய இடம், உருக்கும் பாத்திரமான மூசைதான். வெங்காரம் போட்டு உருக்கும்போது அது கண்ணாடிபோல இறுகி, அதற்குள் கடுகளவு தங்க மணிகள் சிக்கி நிற்கும். நல்ல பத்தர் அந்தக் கண்ணாடியை உடைத்து, மணிகளைப் பொறுக்கி, கட்டியோடு சேர்த்து நிறுப்பார். உருக்கும் இடத்தில் நீங்கள் நின்றிருந்தால் இதைத்தான் பார்த்திருக்க வேண்டும்.

அடுத்தது 89.4. முழுவதும் 22 கரட் என்றால் கட்டி 91.67 காட்டியிருக்க வேண்டும். 89.4 என்றால் 21.46 கரட். அரைக் கரட்டுக்கு மேல் குறைகிறது. இங்கேதான் பொடி வருகிறது.

கையால் செய்த சங்கிலியில் ஒவ்வொரு கண்ணியையும் பொடி வைத்து ஊதித்தான் ஒட்டுகிறார்கள். ஒட்டும் பொடி, ஒட்டப்படும் நகையைவிட முதலில் உருகவேண்டும், இல்லாவிட்டால் கண்ணியும் சேர்ந்து உருகிவிடும். முதலில் உருக வைக்க அதில் தங்கத்தைக் குறைத்து வெள்ளி, செப்பு, நாகம் கூட்டுவார்கள். அதனால் கண்ணி 22 கரட்டாக இருந்தாலும் பொடி 15, 16 கரட்டாக இருக்கலாம். நூற்றுக்கணக்கான கண்ணி, ஒவ்வொன்றிலும் துளிப் பொடி. உங்கள் 18.4 கிராம் சங்கிலியில் 0.9 கிராம் 15 கரட் பொடி இருந்ததென்று வைத்தால், 17.5 கிராமுக்கு 16.04, 0.9 கிராமுக்கு 0.56, சேர்த்து 16.60 கிராம் சுத்தத் தங்கம். அதாவது சங்கிலி முழுவதுமாக 21.66 கரட். முத்திரை பொய் அல்ல, முத்திரை குத்திய தகடு 22தான். சங்கிலி வேறு.

தோடு இன்னும் கீழே போகும். கல் பிடிக்கும் கொக்கிகளும் சுரையும் மெத்தென்றிருந்தால் கழன்றுவிடும் என்று, அவற்றைக் குறைந்த கரட்டில் செய்வது பழைய வழக்கம். கல்லைக் கழித்தால் தோட்டில் உலோகம் 4.5 கிராம். அது சராசரியாக 20 கரட் என்றால் 3.75 கிராம். காப்பில் அரக்குப் போக 5.6 கிராம் தகடு, அது சரியான 22 என்றால் 5.13 கிராம். மூன்றையும் கூட்டுங்கள்: 16.60 + 3.75 + 5.13 = 25.48. உலோகம் 28.5. வீதம் 89.4.

ஒன்றை நேர்மையாகச் சொல்லவேண்டும். இந்தப் பிரிப்புத்தான் நடந்தது என்று நான் சொல்லவில்லை. மூன்று நகையும் ஒரே மூசைக்குள் போய்விட்டதால் எது எவ்வளவு குறைந்தது என்று இனி யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. நான் காட்டியது, பழைய நகைகளில் வழமையாக இருக்கக்கூடிய அளவுகளை வைத்துப் பார்த்தாலும் கடைக்காரரின் எண் வருகிறது என்பதை மட்டும்தான். அடுத்த முறை யாராவது உருக்கக் கொடுத்தால் ஒவ்வொரு நகையையும் தனித்தனியாக நிறுத்து, கல்லைக் கழற்றி மறுபடி நிறுத்து, தனித்தனியாக உருக்கச் சொல்லுங்கள். கூலி சற்றுக் கூடும், சந்தேகம் மிஞ்சாது. கரட்டை மட்டும் வைத்துச் சராசரி எடுப்பதும் பிழைக்கும்: 21.66, 20, 22 மூன்றையும் கூட்டி மூன்றால் பிரித்தால் 21.22 வரும், உண்மை 21.46. பாரமான நகையின் கரட்டுக்குப் பாரமும் கூட.

மெசின் சொன்ன 89.4ஐ நம்பலாமா? அந்த மெசின் ஊடுகதிர் அடித்து மேற்பரப்பைத்தான் வாசிக்கிறது, ஒரு தலைமயிரின் தடிப்பிலும் குறைந்த ஆழத்தை. முழு நகையை வைத்துப் பார்த்தால் பெரும்பாலும் கூட்டித்தான் காட்டும். புளியிலும் அமிலத்திலும் போட்டுத் துலக்கித் துலக்கி மேற்பரப்பில் செப்புக் கரைந்து, தங்கம் செறிந்திருக்கும். உருக்கிய கட்டியிலும் இதே சிக்கல் சிறிதளவு உண்டு. ஆகவே கட்டியின் ஒரு மூலையை அரத்தால் சுரண்டி, உள்பக்கம் தெரிந்த இடத்தில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். மேலும் கீழுமாக இரண்டு இடத்தில் பாருங்கள். எண்கள் ஒன்றுக்கொன்று கிட்ட இருந்தால் நன்றாகக் கலக்கி உருக்கியிருக்கிறார்கள். ஒன்று 87, மற்றது 91 என்றால் கலக்கவில்லை, திரும்ப உருக்கச் சொல்லலாம்.

வீட்டிலேயே ஒரு சோதனையும் செய்யலாம். ஒரு கிராமின் நூற்றில் ஒரு பங்கு காட்டும் சின்ன டிஜிற்றல் தராசு போதும். ஒரு பிளாஸ்டிக் கோப்பையில் தண்ணீர் ஊற்றி, ஒரு துளி சவர்க்காரம் விட்டு, தராசில் வைத்துப் பூச்சியமாக்குங்கள். கட்டியை மெல்லிய நூலில் கட்டி, அடியிலும் ஓரத்திலும் படாமல் தண்ணீருக்குள் முழுவதும் தொங்கவிடுங்கள். காற்றுக் குமிழ் ஒட்டியிருந்தால் நூலை ஆட்டிக் கழற்றுங்கள். தராசு காட்டும் கிராம்தான் கட்டியின் கன அளவு, கன சென்ரிமீற்றரில். 28.5 கிராம் கட்டி 89.4 வீதம் என்றால் 1.61க்கும் 1.66க்கும் இடையில் வரவேண்டும். கலவை வெள்ளியா செப்பா என்பதைப் பொறுத்து அந்த அகலம். அது 20 கரட் என்றால் 1.68 முதல் 1.76 வரை, 18 கரட் என்றால் 1.79 முதல் 1.90 வரை காட்டும். ஆகவே யாராவது கட்டியை மாற்றிக் குறைந்த தரக் கட்டி ஒன்றைத் தந்திருந்தால் இது பிடித்துவிடும். ஆனால் 21.5க்கும் 22க்கும் உள்ள வித்தியாசத்தை இதால் சொல்ல முடியாது, அங்கே கலவையின் சந்தேகமே கூடிவிடும். கல் பதித்த நகைக்கும் அரக்குக் காப்புக்கும் இதைச் செய்யாதீர்கள், எண் ஒன்றும் அர்த்தம் தராது.

கடைசியாக, பவுண். உங்கள் குழப்பத்தில் பாதி இந்தச் சொல்லில் இருக்கிறது. பழைய ஆங்கிலப் பவுண் காசு 7.988 கிராம், 22 கரட், அதற்குள் சுத்தத் தங்கம் 7.322 கிராம். அந்தக் காசிலிருந்து வந்த பேரை இன்று நாங்கள் 8 கிராம் என்று முழுமையாக்கி எடுக்கிறோம். எந்தத் தரத்தில் 8 கிராம் என்பதைச் சொல்லாவிட்டால் பவுண் என்பது அரைக் கணக்குத்தான். நீங்கள் சொன்ன 4 பவுண், கல்லும் அரக்கும் சேர்ந்த நகைப் பவுண். கடைக்காரர் சொன்ன 3 பவுண் சொச்சம், சுத்தத் தங்கப் பவுண்: 25.48ஐ 8ஆல் பிரித்தால் 3.19. அதே தங்கத்தை 22 கரட்டாகச் சொன்னால் 25.48 ÷ 0.9167 = 27.8 கிராம், ஏறக்குறைய மூன்றரைப் பவுண். தங்கைக்குச் செய்யும் சங்கிலியை 22 கரட் பவுணில்தானே பேசுவீர்கள், ஆகவே உங்கள் கையிலிருப்பதையும் அதே பவுணில் சொல்லச் சொல்லுங்கள்: மூன்றரை.

இதே கட்டியைத்தான் திரும்பச் சங்கிலியாக்க வேண்டும் என்று அம்மா விரும்பினால், அது விளங்கக்கூடியதே, ஆனால் செலவு வரும். 89.4ஐ 91.67க்கு உயர்த்த இந்தக் கட்டியோடு 7.74 கிராம் 24 கரட் தங்கம் சேர்க்கவேண்டும். கிட்டத்தட்ட ஒரு பவுண். தரக்குறைவு வெறும் 0.65 கிராம்தானே, அதைச் சேர்த்தால் போதாதா என்று தோன்றும். போதாது, ஏனென்றால் சேர்க்கும் தங்கமே கட்டியின் நிறையையும் கூட்டுகிறது, கூடிய நிறைக்கும் 91.67 வீதம் தேவைப்படுகிறது. முடிவில் 36.24 கிராம் 22 கரட் கட்டி கிடைக்கும். நாலரைப் பவுணுக்குத் தங்கைக்கு நகை செய்யும் எண்ணமிருந்தால் சரி. இல்லாவிட்டால் இந்தக் கட்டியைச் சுத்தத் தங்கக் கணக்கில் கொடுத்து, 22 கரட் சங்கிலி வாங்குவதுதான் நேர்வழி. 3 பவுண் சங்கிலிக்கு 24 × 22 ÷ 24 = 22 கிராம் சுத்தத் தங்கம் போகும். 25.48இல் அது போக 3.48 கிராம் உங்களுடையது. கூலியும் சேதாரமும் அதற்குள் கழியுமா, காசாக வாங்குவார்களா என்பதை முன்னமே பேசி, சிட்டையில் அந்த 3.48க்குப் பக்கத்தில் "சுத்தம்" என்று எழுதுவித்துக்கொள்ளுங்கள். எழுதாவிட்டால் நாளைக்கு அது 22 கரட் 3.48 என்று வாசிக்கப்படும், அப்போது 0.29 கிராம் சுத்தத் தங்கம் சத்தமில்லாமல் போய்விடும்.